கண்ணி வெட்டும் நாள்

அக்கா மகன் கோவையில் பட்டறை வைத்திருக்கிறான். தகடு வளைக்கிற ரோலிங் மெஷின் ஒன்று, வெல்டிங் செட்டு இரண்டு, ஒரு டிரில்லிங் மெஷின். தண்ணீர் டேங்க், புகைக்குழாய், சைலோவுக்கான வளையம் என்று வட்டமாக எதைக் கேட்டாலும் செய்துகொடுப்பான். நான் மில்லில் முப்பது வருஷம் மெயின்டனன்ஸில் இருந்தவன் என்பதால் மெஷினுக்கு ஏதாவது வந்தால் எனக்குத்தான் போன் வரும். போன மாதம் போயிருந்தபோது டீயைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டான்: "மாமா, மோட்டார் பக்கம் இருக்கிற பெல்ட்டைத் தூக்கிட்டு அங்கயும் செயினே போட்டுட்டா என்னங்க? பெல்ட்டு வழுக்கி வழுக்கி மானத்த வாங்குது."

கேள்வி நியாயமானதுதான். அவன் மெஷினில் இரண்டும் இருக்கின்றன. 2 எச்.பி. மோட்டார், 1440 சுற்று. அதில் 100 மில்லிமீட்டர் புல்லி. அங்கிருந்து இரண்டு ஏ-செக்ஷன் வி-பெல்ட் 300 மில்லிமீட்டர் புல்லிக்குப் போகிறது. அந்தப் புல்லி வார்ம் கியர்பாக்ஸின் தலையில் இருக்கிறது. கியர்பாக்ஸ் இருபதுக்கு ஒன்று. அது வெளியே வரும்போது நிமிஷத்துக்கு 24 சுற்று. அங்கே 19 பல் ஸ்ப்ராக்கெட், ஒரு இஞ்ச் பிட்ச் செயின், ரோலர் பக்கம் 38 பல். கடைசியில் ரோலர் 12 சுற்று சுற்றுகிறது. செயின் பக்கம் வழுக்குவதில்லை, பெல்ட் பக்கம் வழுக்குகிறது, அதனால் எல்லாம் செயினாக இருந்தால் நல்லது என்பது அவன் கணக்கு.

"டீயைக் குடி. முதல்ல ஒரு கணக்குப் போடுவோம்" என்றேன்.

அதே 2 எச்.பி.தான் இரண்டு இடத்திலும் போகிறது. பெல்ட் இருக்கிற இடத்தில் அது வேகமாகப் போகிறது: நிமிஷத்துக்கு ஏறக்குறைய 450 மீட்டர். வேகம் அதிகம் என்றால் இழுக்க வேண்டிய பாரம் குறைவு. மோட்டார் முழுச் சுமையில் ஓடும்போதும் அந்தப் பெல்ட்டுகள் இரண்டும் சேர்ந்து கடத்துகிற இழுப்பு 20 கிலோதான். ஒரு கைக்குழந்தையைத் தூக்கி இரண்டாகப் பெருக்கிக்கொள்ளலாம். செயின் இருக்கிற இடத்திலோ வேகம் நிமிஷத்துக்கு 12 மீட்டர்கூட இல்லை. கியர்பாக்ஸில் சூடாகப் போனதைக் கழித்துவிட்டாலும் அங்கே இழுப்பு 600 கிலோவைத் தாண்டுகிறது. அந்த இடத்தில் பெல்ட் போட்டால் பெரிய புல்லியும் ஒரு கட்டுப் பெல்ட்டும் வேண்டும், அப்போதும் உருவிக்கொண்டு போகும். பற்களில் கண்ணி மாட்டிக்கொண்டு இழுத்தால்தான் அங்கே வேலை நடக்கும்.

இனி மறுபக்கம். மோட்டாரில் அரை இஞ்ச் பிட்ச் செயினும் 17 பல் ஸ்ப்ராக்கெட்டும் போட்டதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பல்லிலும் ஒரு ரோலர் வந்து உட்காரும்போது ஒரு தட்டு. 1440 சுற்றில் நொடிக்கு 400 தட்டுக்கு மேல். மெதுவான பக்கத்தில் அது நொடிக்கு ஏழெட்டுத்தான். 400 தட்டு தட்டுகிற செயினுக்குப் பெட்டி கட்டி ஆயிலில் முக்கி ஓடவிட வேண்டும், தூரிகையில் தொட்டு வைப்பது போதாது. சத்தமும் சொல்லி மாளாது. பட்டறைக்குள் அதைப் போட்டால் அவன் டீக்கடைக்காரரை வாயசைவில்தான் கூப்பிட வேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் சொன்னேன். பெல்ட் வழுக்குவதைக் குறையாக மட்டும் பார்க்கக் கூடாது. மெஷின் தாங்காத தடிமனில் ஒரு தகட்டைக் கொடுத்து ரோலர் சிக்கிக்கொண்டால் பெல்ட் கீச்சென்று கத்தும். ஆள் ஓடிவந்து சுவிட்சை அணைப்பான், அதோடு முடிந்தது. அந்த இடத்தில் செயின் இருந்தால் கத்தாது. மோட்டாரின் சுற்று வேகம் மொத்தமும் அடுத்த பொருளின் மேல் போய் விழும். அடுத்த பொருள் கியர்பாக்ஸுக்குள் இருக்கிற கன்மெட்டல் வீல். ஒரு காலத்தில் நானே ஒரு மெஷினில் ஆர்வக்கோளாறில் மோட்டார் பக்கம் செயின் மாற்றினேன். மூன்றாவது வாரம் மோட்டார் ஷாஃப்டின் கீ வெட்டுப்பட்டு, ஷாஃப்டையும் உழுதுவிட்டது. ஷாஃப்டைக் கடைசலுக்குக் கொண்டுபோன ஆட்டோக் கூலியும் என் தலையில்தான் விழுந்தது.

"அப்ப பெல்ட்டு ஏன் சும்மா ஓடும்போதும் வழுக்குதுங்க?" என்றான்.

அதற்கு மெயின் சுவிட்சை இறக்கி, ஃப்யூஸைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, கார்டைக் கழற்றினோம். பார்த்ததுமே விஷயம் தெரிந்தது. வி-பெல்ட் புல்லியின் பள்ளத்தில் ஆப்பு மாதிரி இறங்கி நிற்கும் பொருள். பிடிப்பு முழுக்க அதன் இரண்டு சாய்வுப் பக்கங்களில்தான் இருக்கிறது. அடிப்பக்கம் எதையும் தொடக் கூடாது, கீழே காற்று இருக்க வேண்டும். விறகில் அடித்த ஆப்பு அடியில் கல்லில் முட்டிவிட்டால் அதற்கு மேல் விறகைப் பிளக்காது அல்லவா? அதே கதைதான். நல்ல புல்லியில் ஏ-செக்ஷன் பெல்ட்டின் மேல்முதுகு விளிம்போடு ஏறக்குறையச் சமமாக நிற்கும். இவன் மோட்டார் புல்லியில் இரண்டு பெல்ட்டும் விளிம்புக்குக் கீழே குழிந்து கிடந்தன. பெல்ட்டை உருவிவிட்டு டார்ச் அடித்தேன். பள்ளத்தின் அடி கண்ணாடி போலப் பளபளத்தது. பெல்ட் அடியில் உரசுகிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். பக்கச் சுவரை விரலால் தடவினால் நேர்ச்சாய்வாக இல்லை, கரண்டிக் குழிபோல உள்வாங்கியிருந்தது. தகட்டுப் பட்டறைத் தூசி சாணைக்கல் மாதிரி. வருஷக்கணக்கில் பெல்ட்டோடு சேர்ந்து அதுதான் தேய்த்திருக்கிறது.

இன்னொரு தப்பும் இருந்தது. இரண்டில் ஒன்று பழைய பெல்ட், ஒன்று ஆறு மாதத்துக்கு முன் போட்டது. அறுந்ததை மட்டும் மாற்றியிருக்கிறான். பழையது கொஞ்சம் நீண்டிருக்கும், புதியது குட்டை. மோட்டாரைப் பின்னே தள்ளி இழுத்துக் கட்டினால் புதியதுதான் முறுக்கேறும், பழையது கூடவே சும்மா வரும். இரண்டு பெல்ட் வேலையை ஒன்று செய்கிறது. அது கருகி வாசம் வருகிறது. இவன் மறுபடி இழுத்துக் கட்டுகிறான்.

"மோட்டார் பேரிங் எத்தனை தடவ மாத்தின?"

"இந்த வருசம் ரெண்டு தடவைங்க. பேரிங் சரக்கே மோசமுங்க மாமா, டூப்ளிகேட்டு."

பேரிங் பாவம், அது என்ன செய்யும். பிடிப்பில்லாத பெல்ட்டை இழுத்து இழுத்துக் கட்டினால் வழுக்கல் குறையாது, அந்த இழுப்பெல்லாம் ஷாஃப்ட் வழியாகப் பேரிங்கில் போய் உட்காரும். பெல்ட்டின் டென்ஷனைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து "சரியாத்தான் இருக்கு" என்று சொல்வது எல்லாப் பட்டறையிலும் நடப்பதுதான். கட்டைவிரல் ஆளுக்கு ஆள் மாறும். பழைய பேப்பர்க்காரர் கொக்கித் தராசு ஒன்று போதும், கணக்காகப் பார்க்கலாம்.

இவன் மெஷினில் மோட்டார் மையத்துக்கும் கியர்பாக்ஸ் மையத்துக்கும் 450 மில்லிமீட்டர். பெல்ட் எந்தப் புல்லியையும் தொடாமல் நேராக ஓடுகிற நீளம் ஏறக்குறைய 440. 100 மில்லிமீட்டருக்கு 1.6 மில்லிமீட்டர் என்ற கணக்கில் நடுவில் 7 மில்லிமீட்டர் தாழ வேண்டும். இரண்டு புல்லிக்கும் மேலே ஒரு நேர்க்கட்டையை வைத்துக்கொண்டு, நடுவில் ஒரு பெல்ட்டில் தராசுக் கொக்கியை மாட்டி 7 மில்லிமீட்டர் நகரும்வரை இழுக்க வேண்டும். இந்த அளவுப் புல்லியில் ஏ-செக்ஷனுக்குத் தராசு ஒன்று, ஒன்றரைக் கிலோ காட்டினால் நல்ல டென்ஷன். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும், பெல்ட் உறையோடு வருகிற சீட்டைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தால் தெரியும். அவன் கட்டியிருந்ததை இழுத்துப் பார்த்தோம். புதிய பெல்ட் நாலு கிலோவுக்குப் போயும் 7 மில்லிமீட்டர் வரவில்லை. பழையது அரைக் கிலோவுக்கே வந்துவிட்டது.

புதிய பெல்ட் போட்டால் முதல் நாள் கொஞ்சம் தூக்கலாகவே வைக்கலாம். ஒரு நாள் ஓடியதும் பள்ளத்தில் இறங்கி உட்கார்ந்து தளர்ந்துவிடும். மறுநாள் ஒரு தடவை தராசு வைத்துச் சரிசெய்துவிட்டால் பிறகு ரொம்ப நாளைக்கு அதைத் தொட வேண்டியதில்லை. கம்பியைக் கொடுத்து நெம்பிப் பெல்ட்டைப் புல்லியில் ஏற்றுகிற பழக்கம் ஒன்று உண்டு. வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே நூல் அறுந்திருக்கும். மோட்டாரை முன்னே நகர்த்திக் கையால் மாட்ட வேண்டும். ஆயில் விஷயத்தில் பெல்ட்டுக்கு ஒரே வார்த்தை: கூடாது. கியர்பாக்ஸ் சீல் கசிந்து சொட்டினால் முதலில் சீலை மாற்று. வழுக்கலுக்கு மேலே ஒட்டுப்பசை தடவுவதும் வி-பெல்ட்டுக்கு வேண்டாம். தூசியைக் கூப்பிட்டு உட்கார வைக்கிற வேலை அது.

ஆக அந்தப் பக்கத்துக்கு மருந்து: மோட்டார் புல்லி புதியது ஒன்று, ஏ-60 பெல்ட் ஒரே கம்பெனியில் ஜோடியாக இரண்டு. பெரிய புல்லியில் தேய்மானம் குறைவு, விட்டுவிட்டோம். பெரிய புல்லி சுற்றுவது மூன்றில் ஒரு பங்கு வேகத்தில். பெல்ட் தழுவி நிற்கும் பரப்பும் அங்கே அதிகம். தேய்வது எப்போதும் சின்னதுதான்.

அதற்குள் இரண்டாவது டீ வந்தது. செயினைக் கையில் பிடித்து மேலும் கீழும் ஆட்டினேன். வாழை மரத்தில் கட்டின ஊஞ்சல் மாதிரி ஆடியது.

"செயினுதான் நல்லா இருக்குன்னு சொன்னே?"

"அது நீண்டுருச்சுங்க மாமா. இரும்புதானுங்களே, இழுக்க இழுக்க நீளாதா? ஒரு ஜோடிக் கண்ணியை வெட்டி எடுத்தாச் சரியாயிடும். சாயங்காலம் வெட்டலாம்னு இருக்கறேன்."

இதைத்தான் அவனுக்கு உட்கார வைத்துச் சொல்ல வேண்டியிருந்தது. செயினில் இரும்பு நீளவில்லை. ஒவ்வொரு கண்ணி மூட்டிலும் ஒரு பின் இருக்கிறது. அது புஷ்ஷுக்குள் திரும்புகிறது, புஷ்ஷுக்கு மேலே ரோலர் சுற்றுகிறது. 1880இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் இந்தப் புஷ்ஷைச் செயினுக்குள் கொண்டுவந்ததே, பின்னுக்குத் தட்டின் விளிம்பு மட்டும் தாங்கலாக இல்லாமல் அகலமான பரப்பு கிடைக்கட்டும் என்பதற்காகத்தான். செயின் பல்லில் ஏறும்போதும் இறங்கும்போதும் மூட்டு மடங்கி நிமிர்கிறது. அப்போது 600 கிலோ பாரத்தோடு பின் புஷ்ஷுக்குள் உரசுகிறது. அந்த உரசலில் பின்னும் புஷ்ஷும் தேய, மூட்டில் இடைவெளி விழுகிறது. எல்லா மூட்டின் இடைவெளியும் சேர்ந்து நமக்குச் "செயின் நீண்டுருச்சு" என்று தெரிகிறது.

மெஷினில் இருக்கும்போது அளந்தால் தொய்வும் சேர்ந்துகொள்ளும் என்று செயினைக் கழற்றி, சிமென்ட் தரையில் நேராகப் போட்டு, ஒரு முனையை மிதித்து மறுமுனையை இழுத்துப் பிடித்தோம். ஒரு இஞ்ச் பிட்ச் என்றால் 25.4 மில்லிமீட்டர். 12 கண்ணி 304.8. பின்னின் நடுவைக் கண்ணால் குறிப்பது கஷ்டம். ஒரு பின்னின் இடது ஓரத்திலிருந்து பன்னிரண்டு கண்ணி தள்ளியிருக்கும் பின்னின் இடது ஓரத்துக்கு டேப்பைப் பிடித்தால் அதே அளவு கிடைக்கும். மூன்று இடத்தில் அளந்தோம், 313. எட்டு மில்லிமீட்டர் கூடுதல், கிட்டத்தட்ட 2.7 சதவீதம். சாதாரண ரோலர் செயினுக்கு 3 சதவீதம்தான் கடைசி எல்லை. நூறு பல் மாதிரிப் பெரிய ஸ்ப்ராக்கெட் என்றால் அதற்கும் முன்பே, 2 சதவீதத்திலேயே நிறுத்த வேண்டும்.

இப்போது கண்ணி வெட்டுகிற கணக்குக்கு வருவோம். இவன் செயினில் 76 கண்ணி. மொத்த நீளம் 1930 மில்லிமீட்டர். அதில் 2.7 சதவீதம் என்றால் 52 மில்லிமீட்டர். இரண்டு கண்ணியின் நீளம் 51 மில்லிமீட்டர். அதாவது, ஒரு ஜோடியை வெட்டி எடுக்கிற அளவுக்குத் தொய்வு விழுந்த அன்று, இந்தச் செயினின் ஆயுளும் முடிகிற இடத்துக்கு வந்துவிட்டது. வெட்டி எடுத்தால் மொத்த நீளம் சரியாகிவிடும், உண்மை. மீதி 74 கண்ணியில் ஒவ்வொன்றும் சராசரி முக்கால் மில்லிமீட்டர் நீண்டேதான் இருக்கும். பல்லுக்குப் பல் தூரம் 25.4, கண்ணிக்குக் கண்ணி 26.1. ரோலர் பல்லின் அடியில் உட்காராமல் மேலே ஏறி உட்காரும். சுமை வரும்போது ஒரு பல் தாவும். தாவும்போது வரும் சத்தம் சுத்தியலால் அடித்த மாதிரி இருக்கும், அதை இவன் பட்டறையில் ஏற்கெனவே கேட்டிருக்கிறார்கள்.

19 பல் ஸ்ப்ராக்கெட்டையும் துடைத்துப் பார்த்தோம். பற்கள் நிமிர்ந்து நிற்காமல் வெண்டைக்காய் நுனிபோல வளைந்து கொக்கியாகியிருந்தன. இரண்டு பக்கமும் தேய்ந்து கூராகவும் இருந்தன. இதில் புதுச் செயினைப் போட்டால் பழைய பல் புதுச் செயினைத் தனக்கேற்றபடி சீக்கிரம் தேய்த்துக்கொள்ளும். சின்ன ஸ்ப்ராக்கெட்டைச் செயினோடு சேர்த்து மாற்றிவிட வேண்டும். 38 பல் பரவாயில்லை.

"கிரீஸு வாரா வாரம் வைக்கறனுங்களே மாமா" என்றான் வருத்தமாக. வைத்திருந்தான்தான். விரல் தடிமனுக்குக் கறுப்பாக அப்பியிருந்தது. ஒரு கண்ணியை வெட்டி எடுத்து அதன் பின்னை அடித்து வெளியே தள்ளினோம். வெளியே அவ்வளவு கிரீஸ், உள்ளே பின்னில் ஈரமே இல்லை. செங்கல் பொடி நிறத்தில் துரு. பின் ஒரு பக்கம் மட்டும் படிக்கட்டுபோலத் தேய்ந்திருந்தது. தேய்வது பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே. கெட்டியான கிரீஸ் அந்த மயிரிழை இடைவெளிக்குள் போகாது. வாசலிலேயே நின்றுகொண்டு தூசியையும் கிரைண்டிங் பொடியையும் பிடித்து வைத்துக்கொள்ளும், உள்ளே போகிற ஆயிலையும் மறிக்கும். மூட்டின் ஓரத்தில் செம்பழுப்புக் கசிவு தெரிந்தால் உள்ளே வறட்சி என்று அர்த்தம். வெளிமினுக்கை நம்பக் கூடாது.

நம் ஊர் வெயிலுக்கு 40-ஆம் நம்பர் ஆயில் சரி. என்ஜினிலிருந்து வடித்த பழைய ஆயிலை ஊற்றுகிற பழக்கம் வேண்டாம், அதில் ஏற்கெனவே பொடி இருக்கிறது. எங்கே விடுவது என்பதுதான் முக்கியம். ஒவ்வொரு மூட்டிலும் உள்தட்டும் வெளித்தட்டும் சேரும் இடத்தில் ஒரு கீற்று இருக்கும், ஆயில் உள்ளே போக அது ஒன்றுதான் வழி. ரோலரின் நடுவில் ஊற்றினால் ரோலர் நனையும், பின் நனையாது. மெஷினை நிறுத்தி, சுமையில்லாமல் தொய்ந்து கிடக்கிற பக்கத்தில், உள்புறமாக, இரண்டு தட்டு வரிசையிலும் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். தொய்வில் மூட்டு தளர்ந்திருப்பதால் ஆயில் இறங்கும். பிறகு கொஞ்சம் ஓட்டி, அடுத்த நீளத்தைக் கொண்டுவந்து, நிறுத்திவிட்டு மறுபடி விடலாம். அரைமணி கழித்து வெளியே வழிவதைத் துணியால் துடைத்துவிட வேண்டும். ஓடுகிற செயினில் துணி பிடிக்கவே கூடாது. 12 சுற்றுத்தானே என்று தோன்றும். 600 கிலோவோடு வருகிற 12 சுற்று அது. மில்லில் என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு வலது கையில் மூன்றரை விரல்தான்.

நாள் முழுக்க ஓடினால் தினம் ஒரு தடவை இப்படி ஆயில் விட வேண்டும். புதுச் செயின் வரும்போதே உள்ளே மசகு போட்டுத்தான் வரும். பிசுபிசுப்பாக இருக்கிறதென்று மண்ணெண்ணெயில் அலசுகிறவர்கள் உண்டு. அந்த முதல் மசகு மாதிரி நம்மால் பிறகு எத்தனை சொட்டு விட்டாலும் வராது. துடைத்துவிட்டு அப்படியே மாட்ட வேண்டும்.

மாட்டும்போது இந்த மெஷினுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. ரோலிங் மெஷின் முன்னும் பின்னும் ஓடும். தகட்டை உள்ளே இழுத்து, மறுபடி வெளியே தள்ளி, திரும்ப இழுத்துத்தான் வட்டம் வரும். ஒரே திசையில் ஓடும் மெஷினில் எப்போதும் ஒரு பக்கம் விறைப்பு, மறு பக்கம் தொய்வு. அங்கே தொய்வு தாராளமாக இருக்கலாம். நடுவில் பிடித்து ஆட்டினால் மேலும் கீழுமாக மைய தூரத்தில் 4 சதவீதம் வரை போகலாம். இங்கே ரிவர்ஸ் போட்ட நொடியில் தொய்ந்த பக்கம் விறைத்து, விறைத்த பக்கம் தொய்கிறது. எவ்வளவு தொய்வு வைத்தோமோ அவ்வளவு தூரம் சும்மா ஓடி வந்து ஓர் அடி விழும். அதனால் பாதியாகக் குறைக்க வேண்டும். இவன் மையங்களுக்கு நடுவே 600 மில்லிமீட்டர், மொத்த ஆட்டம் 12 மில்லிமீட்டர் போதும். அதற்காக வீணைத் தந்தி மாதிரியும் இழுத்துவிடக் கூடாது. செயினுக்கு முன் இழுப்பே தேவையில்லை, பிடிப்பது பல்தான். இறுக்கினால் சும்மா ஓடும்போதும் பின்னுக்குச் சுமை.

"ஸ்பிரிங் வெச்ச ஐட்லர் ஒண்ணு மாட்டிட்டா தொய்வே வராதுங்களே?" என்று கேட்டான். ஒரே திசை மெஷினில் மாட்டலாம், தொய்வுப் பக்கத்தில். இங்கே ரிவர்ஸில் அந்த ஐட்லர் இருக்கிற பக்கமே விறைப்புப் பக்கமாகிவிடும். 600 கிலோ இழுப்பு ஸ்பிரிங்கைத் தட்டித் தள்ளும், மறு பக்கம் மொத்தமாகத் தொங்கும். கியர்பாக்ஸ் அடிப்பலகையில் நீளத் துளை போட்டு, பின்னே தள்ளும் போல்ட் ஒன்று வைப்பதுதான் இதற்கு ஏற்றது.

இணைக்கிற கண்ணியிலும் அதே கதை. சைக்கிள் செயினில் வருகிற மீன் வடிவக் கிளிப்பை எல்லாருக்கும் தெரியும். வாய் திறந்த முனை பின்னாலும் மூடிய முனை ஓடும் திசையிலும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எதிலாவது உரசிக் கழன்றுவிடும். முன்னும் பின்னும் ஓடும் மெஷினில் எந்தத் திசையை ஓடும் திசை என்பது? கிளிப் வேண்டாம், காட்டர் பின் போட்ட இணைப்பைக் கேட்டு வாங்கு என்றேன். 76 என்பது இரட்டைப்படை எண், அதனால் அரைக்கண்ணி என்ற பலவீனமான துண்டும் தேவைப்படாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாம் மாட்டினோம். இரண்டு ஸ்ப்ராக்கெட்டின் முகத்திலும் நூல் பிடித்து நாலு இடத்திலும் தொடுகிறதா என்று பார்த்தான். எனக்கு முன்னால் அவனே புதுச் செயினைத் தரையில் போட்டு டேப் பிடித்தான். 12 கண்ணி, 305. சாக்பீஸை எடுத்துச் சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் தேதி போட்டு 305 என்று எழுதினான். அதற்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டு, 311 என்று எழுதி வட்டம் போட்டான். 2 சதவீதம். அந்த அளவு வந்ததும் கடைக்குப் போன் பண்ணிச் செயின் சொல்லிவிடலாம், வர ஒரு வாரம் ஆனாலும் பட்டறை நிற்காது.

பழைய செயினை எடைக்குப் போட வேண்டாம் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். வீட்டு கேட்டுக்குப் பூட்டுச் சங்கிலி தேவையாயிருந்தது.